சின்ன ஊருக்குக் கழிவுநீர்க் குழாய்: தட்டை நிலத்தில் சரிவை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது

செபராங் பிறை பக்கம் வேலை செய்தவர்களுக்கு இந்த நிலம் எப்படிப்பட்டது என்று தெரியும். வயல், செம்பனைத் தோட்டம், அதைத் தாண்டினால் சதுப்பு. அறுநூறு மீட்டர் நடந்தாலும் தரை அரை மீட்டர்தான் இறங்கியிருக்கும், ஒரு மீட்டர் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும், அதற்கும் கீழே வழவழவென்று கடல் களிமண். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சின்ன ஊருக்குக் கழிவுநீர்க் குழாய் போடச் சொன்னால் முதலில் தட்டுப்பாடாவது சரிவுதான். தண்ணீர் தானாக ஓடச் சரிவு வேண்டும், சரிவு கொடுத்தால் குழாய் ஆழமாகிக்கொண்டே போகும், ஆழமானால் குழி சரியாமல் தாங்கும் ஷீட் பைல், பம்பு, நாள் கணக்கு எல்லாம் ஏறும்.

நான் வரைபடம் போட ஆரம்பித்த காலத்தில் எல்லாக் குழாய்க்கும் ஒரே குறைந்தபட்சச் சரிவைக் கொடுத்துவிட்டு, விதியில் இருக்கிறது, சரிதான் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அது சரியில்லை என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருடம் ஆனது. கையில் இருக்கும் சரிவை ஒரே சீராகப் பங்கு போடக்கூடாது. தண்ணீர் குறைவாக ஓடும் தலைமுனையில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், தண்ணீர் சேர்ந்த பிறகு கீழ்முனையில் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஏன், எவ்வளவு என்பதை ஒரு கற்பனை ஊரை வைத்துக் காட்டுகிறேன். கணக்குகள் உண்மையானவை, உங்கள் தாளில் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: எவ்வளவு தண்ணீர் வரும்

நம் ஊரில் 480 தெரஸ் வீடு, 40 இரண்டு மாடிக் கடைவீடு, 200 பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி. மலேசியாவில் இதை ஆட்களாக எண்ணுவதில்லை, பி.இ., அதாவது மக்கள்தொகைச் சமானம் என்ற அலகாக எண்ணுகிறோம். ஒரு வீட்டில் இரண்டே பேர் இருந்தாலும் கணக்கில் அது 5 பி.இ. தான். கடைக்கு மொத்தத் தளப்பரப்பில் 100 சதுர மீட்டருக்கு 3, பள்ளியில் தங்காமல் படித்துவிட்டுப் போகும் மாணவருக்கு 0.2.

வீடுகள் 2400. ஒவ்வொரு கடைவீடும் இரண்டு மாடியும் சேர்த்து 300 சதுர மீட்டர் என்றால் நாற்பதுக்கும் சேர்த்து 360. பள்ளி 40. ஆக மொத்தம் 2800 பி.இ. ஒரு பி.இ.க்கு நாளொன்றுக்கு 225 லிட்டர், அப்படியானால் 630 கன மீட்டர், சராசரியாக நொடிக்கு 7.29 லிட்டர்.

ஆனால் குழாய்க்குச் சராசரி தெரியாது. காலை ஆறரை மணிக்கு எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் குளியலறை ஓடும்போது வருவதை அது தாங்க வேண்டும். அதற்கு உச்சக் காரணி:

```
PF = 4.7 × p^(-0.11)      (p = PE / 1000)
V  = (1/n) × R^(2/3) × S^(1/2)
```

p என்பது பி.இ. ஆயிரத்தில், அதாவது நமக்கு 2.8. காரணி 4.2 வருகிறது, உச்ச ஓட்டம் நொடிக்கு 30.6 லிட்டர். இரண்டாவது வரி மானிங் சூத்திரம், அதை அடுத்த படியில் பயன்படுத்தப் போகிறோம். அதில் V வேகம், n குழாய்ச் சுவரின் சொரசொரப்பு, S சரிவு, R என்பது தண்ணீரின் குறுக்குப் பரப்பை அது தொடும் சுவரின் நீளத்தால் வகுத்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பி.இ. குறையக் குறையக் காரணி ஏறும். நூறு பி.இ.க்கு அது 6.05. சின்னக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதுதான் அதன் பொருள்.

இரண்டாம் படி: குறைந்தபட்ச வேகம், அது எந்த நிலையில் என்று

இங்குள்ள வழிகாட்டி சொல்வது, குழாய் முழுதாக நிரம்பி ஓடும்போது வேகம் நொடிக்கு 0.8 மீட்டருக்குக் குறையக்கூடாது, 4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மேல் வரம்பு மலையடிவாரத்தில் போடுகிறவர்களுக்கு உள்ள கவலை, நமக்கு இல்லை. பொதுக் குழாயின் ஆகச் சிறிய அளவு 225 மி.மீ., வீட்டு இணைப்பு 150.

225 மி.மீ. குழாய்க்கு n = 0.013 என்று வைத்து மானிங்கில் போட்டால் 0.8 மீட்டர் வேகத்துக்கு 200க்கு 1 சரிவு வேண்டும். அந்தச் சரிவில் முழுக் குழாய் நொடிக்கு 31.7 லிட்டர் எடுக்கும். 300 மி.மீ. குழாய்க்கு 290க்கு 1 போதும், அது 56.8 லிட்டர் எடுக்கும்.

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 0.8 என்பது குழாய் நிரம்பி ஓடினால் கிடைக்கும் வேகம். பாதிக் குழாய் ஓடினாலும் அதே 0.8 தான் கிடைக்கும், அது நல்ல சேதி. ஆனால் பாதிக்கும் கீழே போனால் வேகம் மளமளவென்று விழும், ஏனென்றால் தண்ணீர் மெலிந்து பரவி, குழாய்ச் சுவரோடு உரசும் பங்கு கூடிவிடுகிறது.

தலைமுனை லோரோங்கைப் பாருங்கள். அங்கே இருபது வீடு, அதாவது 100 பி.இ. உச்ச நேரத்திலேயே வருவது நொடிக்கு 1.6 லிட்டர். 31.7 எடுக்கும் குழாயில் 1.6 ஓடினால் அது இருபதில் ஒரு பங்கு. தண்ணீரின் உயரம் 34 மி.மீ., இரண்டு விரலை அடுக்கி வைத்த அளவு. வேகம் 0.41. விதிப்படி 0.8 கொடுத்துவிட்டோம், தரையில் கிடைப்பது அதில் பாதி, அதுவும் காலையில் அரை மணி நேரம். மத்தியானத்தில் அந்தக் குழாயில் ஓடுவது வெறும் ஈரம்.

அப்படியானால் அந்த மேல்முனைக் குழாய்கள் எப்படி வேலை செய்கின்றன? ஒவ்வொரு வீட்டிலும் ஃப்ளஷ் அடிக்கும்போது ஒரு சின்ன அலை வருகிறது. அது கழிவைக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு மெலிந்து நின்றுவிடும், அடுத்த வீட்டு அலை வந்து மறுபடி தள்ளும். அலை வலுவாக இருக்கச் சரிவு வேண்டும். அதனால்தான் தலைமுனைக்குக் கூடுதல் சரிவு என்று சொல்கிறேன். 100க்கு 1 கொடுத்தால் அதே 1.6 லிட்டருக்கு வேகம் 0.53 ஆகிறது, குழாயின் அடியில் தண்ணீர் இழுக்கும் விசையோ ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிறது. 0.6 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 70க்கு 1 போக வேண்டியிருக்கும். அது இந்த நிலத்தில் கட்டாது, நான் 100க்கு 1 என்ற இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

செய்யக்கூடாத ஒன்று

ஆழத்தைக் குறைக்க ஒரு தந்திரம் உண்டு என்று சிலர் சொல்வார்கள். 225க்கு 200க்கு 1 வேண்டும், 300க்கு 290க்கு 1 போதும், அப்படியானால் தலைமுனையிலேயே 300 போட்டுவிடு, தோண்டுவது குறையும் என்று. தாளில் 0.8 வந்துவிடும், பார்க்கிறவரும் கையெழுத்துப் போடுவார். ஆனால் அந்த 1.6 லிட்டரை 300 மி.மீ. குழாயில் 290க்கு 1 சரிவில் விட்டால் வேகம் 0.35. சின்னக் குழாயில் கிடைத்த 0.41ம் போயிற்று. பெரிய குழாய் தன்னைத் தானே கழுவ வேண்டுமானால் அதற்கு ஏற்ற தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் பெரிய குழாய் என்பது நீளமான ஒரு வண்டல் தொட்டிதான். தண்ணீர் சேர்ந்த பிறகு இதே தந்திரம் நியாயமானதாக ஆகிவிடுகிறது, கீழே வருகிறேன்.

மூன்றாம் படி: மேன்ஹோல்களை வைப்பது

1 மீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள குழாய்க்கு மேன்ஹோல் இடைவெளி 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இது உச்ச வரம்பு, இலக்கு இல்லை. உண்மையில் இடைவெளியை முடிவு செய்வது ஊரின் அமைப்பு. குழாய் திரும்பும் இடம், சரிவு மாறும் இடம், அளவு மாறும் இடம், இரண்டு குழாய் சேரும் இடம், எல்லாவற்றிலும் மேன்ஹோல் வந்தாக வேண்டும். இவற்றைக் குறித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் 100 மீட்டர் என்ற கேள்வியே எழாது. நம் ஊரில் லோரோங் வளைவுகளால் முதல் இரண்டு இடைவெளி 60 மீட்டர், மற்றவை 80.

தலைமுனையில் இடைவெளி குறைவாக இருப்பது நல்லதும்கூட. அடைப்பு வருவது அங்கேதான், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் லாரியின் ஹோஸ் இரண்டு பக்கமிருந்தும் எட்டும். இன்னும் குறைக்கலாமே என்றால், ஒவ்வொரு மேன்ஹோலும் கொஞ்சம் சரிவைத் தின்னும். உள்ளே தண்ணீர் போகும் வாய்க்கால் அடியில் 25 மி.மீ. இறக்கம் கொடுக்கிறேன். ஏழு மேன்ஹோல் என்றால் 175 மி.மீ. இது தட்டை நிலத்தில் சும்மா வரும் அளவில்லை, 35 மீட்டர் குழாயின் சரிவு.

எங்கே வைப்பது என்பதில் இன்னொரு கவனம் தேவை. நம் தெரஸ் வீடுகளின் பின்சந்தில் மேன்ஹோல் வைத்தால் பத்து வருடத்தில் யாராவது அடுப்படியை நீட்டி அதன்மேல் டைல் போட்டுவிடுவார்கள். ஒரு தாமானில் மேன்ஹோலைத் தேடிப் போய், ஓர் அம்மாவின் கியாஸ் சிலிண்டரை நகர்த்தி, அதற்குக் கீழே மூடியைக் கண்டுபிடித்திருக்கிறேன். வழி இருந்தால் முன்சாலையில் வையுங்கள், லாரி நிற்க இடம் இருக்க வேண்டும். லொங்காங் ஓரத்துத் தாழ்வில் வைக்காதீர்கள், மழை வெள்ளம் மூடி வழியாக உள்ளே புகும். இங்கே மழைநீரும் கழிவுநீரும் தனித்தனிக் குழாய், கணக்கில் மழைக்கு இடமே இல்லை.

நான்காம் படி: மட்டங்களை இறக்கிப் பார்ப்பது

இதுதான் முழு வடிவமைப்பின் உயிர். தலைமுனையில் தரை மட்டம் 3.10, அறுநூறு மீட்டர் தள்ளிக் கீழ்முனையில் 2.60. குழாயின் மேல் 1.2 மீட்டர் மண் வேண்டும், குழாய்க்கும் அதன் சுவருக்கும் 0.25 சேர்த்தால் இன்வர்ட், அதாவது குழாயின் உள்ளடி, 1.45 மீட்டர் ஆழத்தில் தொடங்கும். மட்டம் 1.65.

முதல் 120 மீட்டர் 100க்கு 1, இறக்கம் 1.20. அடுத்த 240 மீட்டர் 200க்கு 1, இறக்கம் மறுபடி 1.20. ஆறாவது மேன்ஹோல் வரும்போது கடைத்தெருவும் பக்கத்து லோரோங்குகளும் சேர்ந்து 1500 பி.இ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், உச்ச ஓட்டம் நொடிக்கு 17.6 லிட்டர். இங்கே 300 மி.மீ. குழாய்க்கு மாறுகிறேன். 290க்கு 1 சரிவில் அந்த ஓட்டத்துக்கு வேகம் 0.71 கிடைக்கிறது, கடைசியில் 30.6 லிட்டர் வரும்போது 0.82. இப்போது பெரிய குழாய் தன் தண்ணீரைச் சம்பாதித்துவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. 225லேயே தொடர்ந்திருந்தால் 30.6க்கு எதிரே அதன் கொள்ளளவு 31.7 தான். இணைப்புகள் வழியாக நிலத்தடி நீர் கசிந்து உள்ளே வரும் இந்த ஊரில் அந்த ஒரு லிட்டரை நம்பி நான் தூங்க மாட்டேன்.

அளவு மாறும் மேன்ஹோலில் இரண்டு குழாயின் அடியையும் சமமாக வைக்கக்கூடாது. மேல் விளிம்பைச் சமமாக வையுங்கள், அதாவது பெரிய குழாயின் அடி 75 மி.மீ. கீழே. அடியைச் சமமாக வைத்தால் பெரிய குழாய் நிரம்பும்போது சின்னக் குழாய்க்குள் தண்ணீர் பின்வாங்கி நிற்கும். ஒவ்வொரு மேன்ஹோலிலும் உள்ளே வரும் குழாயின் இன்வர்ட் மட்டமும் வெளியே போகும் குழாயின் இன்வர்ட் மட்டமும் மீட்டரில் இப்படி வருகின்றன:

```
MH   தூரம்   உள்ளே     வெளியே
1      0      -        1.650
2     60    1.050      1.025
3    120    0.425      0.400
4    200    0.000     -0.025
5    280   -0.425     -0.450
6    360   -0.850     -0.925
7    440   -1.201     -1.226
8    520   -1.502     -1.527
9    600   -1.803      -
```

ஒன்பதாவது மேன்ஹோலில் ஆழம் 4.40 மீட்டர். இப்போது ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் 225, 200க்கு 1 என்று ஒரே சீராகப் போட்டிருந்தால் 4.13 மீட்டரில் முடிந்திருக்கும், ஆனால் தலைமுனை வண்டலில் கிடக்கும். தலைமுனைக்கு 100க்கு 1 கொடுத்துவிட்டு மீதியை 225லேயே இழுத்திருந்தால் 4.73. நடுவில் 300க்கு மாறியதில் அந்த அறுபது சென்டிமீட்டரில் பாதிக்கும் மேல் திரும்பிவிட்டது. மொத்தத்தில் 27 சென்டிமீட்டர் கூடுதல் ஆழத்துக்கு அடைக்காத ஒரு தலைமுனை கிடைத்திருக்கிறது. நான் அந்த விலையைக் கொடுப்பேன்.

வரைபடத்தில் குழாய் குறுக்கே போகும் இடங்களையும் இப்போதே பாருங்கள். பெரிய மழைநீர் வாய்க்காலின் அடி மட்டம் என்ன, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று அளந்து பார்க்காமல் மட்டம் எழுதினால் தோண்டிய குழியில் நின்றுகொண்டு மறுபடி கணக்குப் போட வேண்டிவரும். வரும் பக்கத்துக் குழாய் மேன்ஹோல் அடியைவிட 600 மி.மீ.க்கு மேல் உயரத்தில் சேர்ந்தால் அதைச் சும்மா கொட்ட விடாமல் செங்குத்தான இறக்கக் குழாய் வைத்து இறக்குங்கள், இல்லையென்றால் உள்ளே இறங்குகிறவர் தலையில் கழிவு விழும், கான்கிரீட்டும் அரிக்கும்.

ஐந்தாம் படி: தரையில் அந்தச் சரிவு உண்மையிலேயே வருகிறதா

200க்கு 1 என்றால் இரண்டு மீட்டர் களிமண் குழாய் ஒன்றுக்கு இறக்கம் 10 மி.மீ. ஒரு குழாயின் கீழ்முனையை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்துவிட்டால் அந்தக் குழாய் சமதளம், இரண்டு சென்டிமீட்டர் என்றால் எதிர்ச்சரிவு. படுக்கைக் கல்லை மண்வெட்டியால் கொஞ்சம் அதிகமாகத் தள்ளினாலே அது நடந்துவிடும். அதனால் ஒவ்வொரு குழாய்க்கும் லேசர் வைத்து மட்டம் பார்க்கச் சொல்லி வரைபடத்திலேயே எழுதுவேன், மேன்ஹோலுக்கு மேன்ஹோல் பார்த்தால் போதாது.

இதைவிடப் பெரிய பிரச்சினையைச் சில வருடம் முன்பு ஒரு தாமானில் பார்த்தேன். குடிவந்து மூன்றாவது வருடமே இரண்டாவது மேன்ஹோலுக்குக் கீழே ஓயாமல் அடைப்பு. என்னோடு வந்தவர் முப்பது வருடம் குழாய் போட்ட ஒரு மேஸ்திரி அண்ணன். கொக்கி போட்டு மூடியைத் தூக்கினோம். மழையே இல்லை, ஆனால் உள்ளே வாய்க்காலில் முழங்கை அளவு தண்ணீர் அசையாமல் நின்றது, மேலே எண்ணெய்ப் படலம், சுவரில் பழைய கோடு அதற்கும் மேலே. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, மேன்ஹோல் அப்படியே நிக்குது, பைப்புதான் இறங்கிருச்சு" என்றார்.

கேமரா விட்டதும் அது உறுதியானது. மேன்ஹோல் கனமான பொருள் என்பதால் அதற்கு அடியில் பாக்காவ் கட்டை அடித்திருந்தார்கள். குழாய்க்கு அடியில் ஒன்றும் இல்லை, நேராகக் களிமண்மேல் மணல். மேலே சாலைக்கு மண் போட்டு உயர்த்தியதும் களிமண் மெல்ல அமுங்கி, குழாய் இறங்கி, மேன்ஹோல் சுவரை ஒட்டி முதல் இணைப்பிலேயே ஒடிந்திருந்தது. கணக்கில் சரிவு 200க்கு 1 ஆகத்தான் இருந்தது. நிலத்தில் அந்த இடைவெளியின் நடுவில் ஒரு வயிறு, அதில் தண்ணீர் தேங்கியே கிடந்தது.

அன்றிலிருந்து இரண்டு விஷயத்தை நான் விடுவதில்லை. மேன்ஹோல் சுவரிலிருந்து வெளிவரும் முதல் துண்டும் அடுத்ததும் நீளம் குறைந்த குழாயாக, வளைந்து கொடுக்கும் இணைப்போடு இருக்க வேண்டும், அப்போது கொஞ்சம் இறங்கினாலும் ஒடியாது. இரண்டாவது, மேன்ஹோலையும் குழாயையும் ஒரே மாதிரி தாங்க வேண்டும். ஒன்றுக்குக் கட்டை அடித்து மற்றதை மண்ணில் விடாதீர்கள். களிமண் ஆழமாக இருந்தால் குழாய்க்கும் கட்டை அடித்து மேலே கான்கிரீட் பலகை போட வேண்டும், அல்லது மண் நிரப்புவதை முன்கூட்டியே முடித்து அமுங்க விட்டு அதன்பிறகு குழாய் போட வேண்டும். செலவு பிடிக்கும்தான், ஆனால் நான்கு மீட்டர் ஆழத்தில், நிலத்தடி நீருக்கு நடுவே, மேலே சாலையும் வீடும் வந்த பிறகு அதே குழாயைத் தோண்டி எடுப்பதோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

குழியை மூடும் முன்பு ஒரு சோதனை, அதற்கு ஒரு விளக்கும் கண்ணாடியும் போதும். ஒரு மேன்ஹோலில் குழாய்க்குள் விளக்கைக் காட்டிவிட்டு, அடுத்ததில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து உள்ளே பாருங்கள். வெளிச்சம் முழு நிலாவாகத் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. மேல்பக்கம் வெட்டுப்பட்ட பிறையாகத் தெரிந்தால் நடுவில் குழாய் தொங்கியிருக்கிறது, பக்கவாட்டில் வெட்டுப்பட்டிருந்தால் வரிசை விலகியிருக்கிறது. அதன்பிறகு மேல் மேன்ஹோலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது கீழ் மேன்ஹோலுக்கு வந்து சேர்ந்து நின்றதும் கேமராவை விடுங்கள். தண்ணீர் ஊற்றாமல் கேமரா விட்டால் காய்ந்த வயிறு கண்ணுக்குத் தெரியாது. ஊற்றிவிட்டு விட்டால் எந்த மீட்டரில், எவ்வளவு நீளத்துக்குக் குளம் நிற்கிறது என்று திரையில் பார்த்துக் குறிக்கலாம். இதே சோதனையை ஒப்படைக்கும் முன்பு, சாலை போட்டு மண் பாரம் எல்லாம் ஏறிய பிறகு, மறுபடி ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை முழு நிலாவாக இருந்தது இரண்டாம் தடவை பிறையானால், எந்த இடைவெளியில் களிமண் அமுங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும், அதைத் திறந்து சரிசெய்ய அப்போது இன்னும் ஒப்பந்தக்காரரின் ஆட்களும் எந்திரங்களும் அங்கேயே இருப்பார்கள்.